துண்டு துண்டாகப் போடுவதா, பொதுவில் எடுத்துப் போடுவதா? ஒன்றிணைந்த திண்ம உருவக் கணக்குகளில் இரண்டு வழிகள்

பத்தாம் வகுப்பு அளவியலில் உருளை, கூம்பு, கோளம் தனித்தனியாக வரும்வரை பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. உருளைக்கு அடியில் அரைக்கோளத்தை ஒட்டி, விட்டத்தை செ.மீ-ல் கொடுத்து, உயரத்தை மீட்டரில் கொடுத்து, விடையை லிட்டரில் கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். இந்தக் கணக்கை இரண்டு வழியில் போடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எண் போட்டு, விடை கண்டு, கடைசியில் கூட்டுவது ஒன்று. எண்ணே போடாமல் சூத்திரங்களைக் கூட்டி, πr² போன்ற பொதுவானதை வெளியே எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே தடவை எண் போடுவது இன்னொன்று. மாலையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன், ஒரு வகைக் கணக்கைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம். மேலே திறந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. மேல்பகுதி உருளை, அடிப்பகுதி அரைக்கோளம். விட்டம் 84 செ.மீ, மொத்த உயரம் 1.42 மீ. எத்தனை லிட்டர் கொள்ளும்? π = 22/7.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். அரைக்கோளத்தின் உயரமும் அதன் ஆரமும் ஒன்று என்பதால், 142-லிருந்து 42-ஐக் கழித்தால் உருளையின் உயரம் 100 செ.மீ. 1.42-ஐ அப்படியே உருளையின் உயரமாக எடுப்பது வழக்கமான தவறு. படம் வரைந்து இரண்டு உயரத்தையும் தனித்தனியாகக் குறித்துவிட்டால் அது போய்விடும்.

முதல் வழியில் உருளை πr²h = 22/7 × 42 × 42 × 100 = 5,54,400 க.செ.மீ. அரைக்கோளம் (2/3)πr³ = 1,55,232 க.செ.மீ. கூட்டினால் 7,09,632 க.செ.மீ; 1000 க.செ.மீ ஒரு லிட்டர் என்பதால் 709.632 லிட்டர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வழியில் πr²h + (2/3)πr³ என்பதை πr²(h + 2r/3) என்று எழுதுகிறோம். r = 42 என்றால் 2r/3 = 28. அடைப்புக்குறிக்குள் 100 + 28 = 128. வெளியே 22/7 × 42 × 42 = 5544. ஆக 5544 × 128 = 7,09,632. பெருக்கல் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அதற்காக நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாத பிள்ளைக்கு அது ஒரு சின்ன லாபம், அவ்வளவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது அலகு. ஒரு பிள்ளை விட்டத்தை செ.மீ-லும் உருளையின் உயரத்தை மீட்டரிலும் வைத்துக்கொண்டே கணக்கை ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். முதல் வழியில் உருளைக்கு 22/7 × 42 × 42 × 1 = 5544 வரும். அந்த எண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அரைக்கோளத்துக்கு சரியாகவே 1,55,232 வரும். கூட்டினால் 1,60,776, அதாவது 160 லிட்டரும் கொஞ்சமும். பிள்ளை அழகாகக் கோடு போட்டு விடையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். தவறு நடந்த இடத்துக்கும் அது வெளியே தெரியக்கூடிய இடத்துக்கும் நடுவே அரைப் பக்கம் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது வழியில் அதே தவறு 5544 × (1 + 28) என்று வரும். உருளையின் உயரமும் அரைக்கோளத்திலிருந்து வந்த நீளமும் அடைப்புக்குறிக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. படத்தில் உருளைதான் உயரமான பகுதி, இங்கே அது 1, அரைக்கோளம் 28. இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண் நின்றுவிடுகிறது. நீளத்தோடு நீளத்தைக் கூட்டும்போது இரண்டும் ஒரே அலகில் இருந்தாக வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லாமல் அந்த அடைப்புக்குறியே கேட்டு வாங்கிவிடுகிறது.

அந்த 28-க்கு இன்னொரு பயனும் உண்டு. 42 செ.மீ ஆழமுள்ள இந்த அரைக்கோளம், அதே வாயுள்ள 28 செ.மீ உயர உருளை கொள்ளும் அளவுதான் கொள்ளும் என்பது அதன் பொருள். அப்படியானால் முழுத் தொட்டியும் 128 செ.மீ உயரமுள்ள வெறும் உருளைக்குச் சமம். இந்த எண் உருளையின் உயரமான 100-க்கும் மொத்த உயரமான 142-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். வெளியே போனால் எங்கோ பிசகு. கூம்பாக இருந்தால் 2r/3-க்குப் பதில் கூம்பின் உயரத்தில் மூன்றில் ஒன்று வரும், சோதனை அதேதான். முதல் வழியில் 5,54,400-ஐயும் 1,55,232-ஐயும் வைத்துக்கொண்டு இவ்வளவு எளிதாகச் சரிபார்க்க முடியாது.

இதனால் நான் வலியுறுத்துவது, அலகை மாற்றுவதைப் படத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது. நீளமாக இருக்கும்போது மாற்றினால் 100-ஆல் பெருக்கினால் போதும். கன அளவாகிவிட்ட பிறகு மாற்றினால் 10,00,000 வேண்டும், பரப்பாகிவிட்ட பிறகு 10,000 வேண்டும். எந்த அலகுக்கு மாற்றுவது என்ற கேள்விக்கு, ஆரம் முழு எண்ணாகவும் முடிந்தால் 7-ன் மடங்காகவும் வரும் அலகு என்பேன். இங்கே 0.42-ஐ வர்க்கப்படுத்துவதைவிட 42 எவ்வளவோ மேல். லிட்டருக்கோ ச.மீ-க்கோ போவது கடைசி வரியில், ஒரே தடவை.

அடுத்து, அதே தொட்டியில் 2.8 செ.மீ உள்விட்டமுள்ள குழாய் வழியாக மணிக்கு 3.6 கி.மீ வேகத்தில் தண்ணீர் பாய்கிறது, எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கேட்டால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். முதலில் வேகத்தை மாற்றிக்கொள்வோம்: 3,60,000 செ.மீ-ஐ 3600 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 100 செ.மீ. முதல் வழிக்காரர் குழாயில் வினாடிக்கு 616 க.செ.மீ வருகிறது என்று கண்டு, 7,09,632-ஐ 616-ஆல் வகுக்க உட்கார வேண்டும். இரண்டாவது வழியில் π × 42² × 128 = π × 1.4² × 100 × t என்று எழுதியதும் π இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. 42-ஐ 1.4-ஆல் வகுத்தால் 30, அதன் வர்க்கம் 900. 900 × 128-ஐ 100-ஆல் வகுத்தால் 1152 வினாடி, அதாவது 19 நிமிடம் 12 வினாடி. 22/7 என்ற எண்ணைத் தொடவே இல்லை. ஒன்றை உருக்கி இன்னொன்றாக வார்க்கும் கணக்குகளிலும் இதே கதைதான்.

புறப்பரப்பில் என் சாய்வு கொஞ்சம் குறைகிறது, முழுக்கப் போய்விடவில்லை. தொட்டியின் வெளிப்புறத்துக்கு பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் 2πrh + 2πr² = 2πr(h + r). அடைப்புக்குறிக்குள் இருப்பது மொத்த உயரமேதான், 142. ஆகவே 264 × 142 = 37,488 ச.செ.மீ. அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே நிஜமான ஆபத்து வேறு: ஒட்டியிருக்கும் வட்ட முகத்தையும் சேர்த்து அரைக்கோளத்துக்கு 3πr² போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் வெளியே தெரியவே தெரியாத ஒரு முகத்துக்காக 5544 ச.செ.மீ கூடுதலாக வரும். இதைப் பொதுக்காரணி தடுக்காது. எந்தெந்த முகம் காற்றில் படுகிறது என்று படத்தில் தொட்டுத் தொட்டு எண்ணுவதுதான் தடுக்கும், அது இரண்டு வழிக்கும் பொது. பெயின்ட் கூலி ச.மீ-க்கு 250 ரூபாய் என்றால் 3.7488 × 250 = 937 ரூபாய் 20 காசு. ச.செ.மீ-ஐ ச.மீ ஆக்க 10,000-க்குப் பதில் 100-ஆல் வகுத்தவருக்கு 93,720 ரூபாய் வரும். விடையை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாலே அது பிடிபடும்.

மதிப்பெண் விஷயத்தில் முதல் வழிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 5 மதிப்பெண் வினாவில் பகுதி பகுதியாக எழுதியவர் கடைசியில் கூட்டலில் தவறினாலும் அதுவரை போட்ட படிகள் தெளிவாகத் தெரியும். இரண்டாவது வழியில் πr²(h + 2r/3) என்று திடுதிப்பென்று ஆரம்பித்தால் அது எங்கிருந்து வந்தது என்று திருத்துபவருக்குத் தெரியாது. அதனால் ‘கன அளவு = உருளையின் கன அளவு + அரைக்கோளத்தின் கன அளவு’ என்று வார்த்தையில் ஒரு வரி, இரண்டு சூத்திரமும் உள்ள அடுத்த வரி, அப்புறம்தான் பொதுக்காரணி என்று எழுதச் சொல்கிறேன். என் பிள்ளைகள் எல்லோரும் மாநிலப் பாடத்திட்டம். மற்ற வாரியங்களில் படிகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை, எனவே அங்கே படிப்பவர்கள் தங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, முதலில் சொன்ன விதிவிலக்கு. ஆரங்கள் வேறுபட்டால் நான் யோசிக்காமல் துண்டு துண்டாகத்தான் போகச் சொல்வேன். ஒரு பொம்மை ராக்கெட்: மேலே 7 செ.மீ ஆரமும் 24 செ.மீ உயரமும் உள்ள கூம்பு, அதன் அடியில் 3.5 செ.மீ ஆரமும் 20 செ.மீ உயரமும் உள்ள உருளை. இங்கே πr² என்று பொதுவில் எடுத்தால் எந்த r என்ற குழப்பம் உடனே வந்துவிடும். சாயுயரம் 25, கூம்பின் வளைபரப்பு 550 ச.செ.மீ. உருளையின் வளைபரப்பு 440. கூம்பின் அடியில் உருளை மறைத்தது போக மிச்சமிருக்கும் வளையம் π(49 − 12.25) = 115.5. உருளையின் அடிவட்டம் 38.5. மொத்தம் 1144 ச.செ.மீ. பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் அந்த வளையத்தை. ராக்கெட்டை அடியிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: வளையமும் அடிவட்டமும் சேர்ந்து 7 செ.மீ ஆரமுள்ள முழு வட்டமாகத் தெரியும், அதன் பரப்பு 154, அதுவேதான் 115.5 + 38.5.