கேரி டிரேட்: வெறுமனே பிடிப்பதா, காப்பு வாங்கிப் பிடிப்பதா, பல நாணயங்களில் பிரிப்பதா?

2008 ஜூலையில் ஆஸ்திரேலிய மத்திய வங்கியின் வட்டி 7.25 சதவீதம், ஜப்பான் மத்திய வங்கியின் வட்டி 0.5 சதவீதம். யென்னில் கடன் வாங்கி ஆஸ்திரேலிய டாலரில் போட்டால் வருடத்துக்கு 6.75 சதவீதம் சும்மா கிடைக்கிற மாதிரி தெரியும். கேரி டிரேட் என்பது இவ்வளவுதான். ஆனால் காப்பில்லா வட்டிச் சமநிலை என்ற கோட்பாட்டின்படி இதில் லாபமே இருக்கக்கூடாது. அப்போது ஒரு ஆஸ்திரேலிய டாலர் சுமார் 104 யென், அது ஒரு வருடத்தில் 97.5 யென் அளவுக்கு இறங்கி வட்டியில் கிடைத்ததைச் சரிக்குச் சரி விழுங்கிவிட வேண்டும்.

நடப்பது அதுவல்ல. 1984-ல் பொருளியலாளர் யூஜின் ஃபாமா இதைக் கணக்கிட்டுக் காட்டினார், அதற்குப் பிறகு ஏகப்பட்ட பேர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்: அதிக வட்டி தரும் நாணயம் கோட்பாடு சொல்லும் அளவுக்கு இறங்குவதில்லை, பல காலகட்டங்களில் ஏறவே செய்கிறது. ஆஸ்திரேலிய டாலரே 2000-ஆம் ஆண்டின் இறுதியில் 50 சொச்சம் யென்னாக இருந்து 2007-ல் 100-ஐத் தாண்டியது. ஏழு வருடம் வட்டியும் கிடைத்தது, நாணய ஏற்றமும் கிடைத்தது.

சரி, 2008 ஜூலையில் ஒருவர் 1 கோடி யென் கடன் வாங்கி உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொண்டு, அவர் முன்னால் இருந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்போம். ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு மாற்று விகிதத்தை முன்கூட்டியே பூட்டுவதை இப்போதே தள்ளிவிடலாம். வங்கி தரும் ஒரு வருட ஃபார்வர்டு விலையே அந்த 97.5-ஐ ஒட்டித்தான் இருக்கும், வட்டி வித்தியாசம் முழுவதும் அதிலேயே போய்விடும். மிச்சம் மூன்று வழிகள்.

வெறுமனே பிடிப்பது

1 கோடி யென்னுக்குச் சுமார் 96,150 ஆஸ்திரேலிய டாலர் கிடைக்கும். நாணயம் அசையாமல் இருந்தால் வருடக் கடைசியில் 6.75 லட்சம் யென் லாபம். நடந்ததோ வேறு: செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது, அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலிய டாலர் 55 யென் அருகே வந்து நின்றது. ஏழு வருட ஏற்றம் மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விட்டது.

இந்தச் சரிவு ஏன் இவ்வளவு வேகமாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், விஷயமே அங்கேதான் இருக்கிறது. கேரியில் இருப்பவர்களில் பலர் சொந்தப் பணத்தைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு கடனில் நிற்கிறார்கள். ஐந்து மடங்கில் நிற்பவருக்கு நாணயம் 20 சதவீதம் இறங்கினாலே முதல் முழுவதும் காலி, அதற்கு வெகு முன்பே தரகர் மார்ஜின், அதாவது ஈடாகக் கூடுதல் பணம், கேட்பார். மார்ஜின் கட்ட முடியாதவர் ஆஸ்திரேலிய டாலரை விற்று யென்னை வாங்கிக் கடனை அடைக்கிறார், அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கி அடுத்தவரின் மார்ஜினைத் தொடுகிறது. ஏறும்போது ஆட்கள் ஒவ்வொருவராக, நிதானமாக உள்ளே வருகிறார்கள். வெளியேறும்போது எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கம் விற்க வேண்டியிருக்கிறது. ப்ரன்னர்மையர், நாகெல், பெடர்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் தரவில் கண்டது இதைத்தான்: வட்டி வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, அந்த நாணயத்துக்குத் திடீர்ச் சரிவு வரும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர், போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃப்ராங்க் என்று தான் காத்துவந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. விலை இடையில் எங்கும் நிற்காமல் குதித்ததால், ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களின் ஆர்டர்கள் அவர்கள் குறித்த விலைக்கு எவ்வளவோ கீழேதான் நிறைவேறின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 ஜூலை வாக்கில் ஆஸ்திரேலிய டாலர் மறுபடி 70-களுக்கு ஏறிவிட்டது. கடன் மடங்கு இல்லாதவர் பெரிய நஷ்டத்தோடு என்றாலும் அதுவரை உட்கார்ந்திருக்க முடிந்தது. ஐந்து மடங்கில் இருந்தவருக்கு அந்த ஏற்றத்தைப் பார்க்கக் கணக்கில் எதுவும் இல்லை.

காப்பு வாங்கிப் பிடிப்பது

அதே 1 கோடி, கூடவே ஒரு வருட புட் ஆப்ஷன்: ஆஸ்திரேலிய டாலர் எவ்வளவு இறங்கினாலும் 93.6 யென்னுக்கு, அதாவது 10 சதவீதம் கீழே, விற்கும் உரிமை. அதற்கு ஒரு பேச்சுக்கு 2 லட்சம் யென் விலை என்று வைப்போம். அமைதியான வருடத்தில் லாபம் 6.75-லிருந்து 4.75 லட்சமாகக் குறையும். வருட முடிவில் விலை 55-ல் நின்றால், வெறுமனே பிடித்தவருக்கு நஷ்டம் சுமார் 44 லட்சம். புட் வைத்திருந்தவருக்குச் சுமார் 9 லட்சம்.

இந்த வழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கேரியின் லாபம் எதற்கான கூலி என்று அளக்க இது உதவுகிறது. லாபம் முழுவதும் சரிவு ஆபத்துக்கான கூலி என்றால், காப்புச் செலவு அதை முழுவதுமாகத் தின்றிருக்க வேண்டும். யாகுப் யூரெக் என்ற ஆய்வாளர் பெரிய நாடுகளின் நாணயங்களில் இப்படிக் காப்போடு கணக்கிட்டபோது, சரிவுக்கான கூலி அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் என்று வந்தது. அதனால் 'கேரி என்பதே மாறுவேடத்தில் இருக்கும் காப்பீட்டு வியாபாரம்' என்று முழுசாக முடிவுகட்டுவதும் தவறு. மிச்ச லாபத்துக்கு ஒரு விளக்கம், இந்த நாணயங்கள் உலகமே பணக்கஷ்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து இறங்குகின்றன, அதனால் அதைச் சுமப்பவர் கூடுதல் கூலி கேட்கிறார் என்பது. இதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

குறை என்னவென்றால், அமைதியான காலத்தில் ஒவ்வொரு வருடமும் இந்தச் செலவு வீண் என்றே தோன்றும், மூன்று வருடம் கட்டிவிட்டு நான்காவது வருடம் நிறுத்திவிடுவார்கள். சரிவு தொடங்கிய பிறகு வாங்கப் போனால் விலை பல மடங்கு. முன்னே சொன்ன ப்ரன்னர்மையர் உள்ளிட்ட மூவரின் ஆய்வில், சரிவு நடந்து முடிந்த பின்னால், அடுத்த சரிவுக்கான வாய்ப்பு குறைந்திருக்கும்போதுகூட காப்பின் விலை ஏறியே இருக்கிறது.

பல நாணயங்களில் பிரிப்பது

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் என்று வாங்கும் பக்கத்திலும், யென், ஃப்ராங்க் என்று கடன் பக்கத்திலும் பிரித்துப் போடுவது. சாதாரண நாட்களில் இது உண்மையாகவே வேலை செய்கிறது, ஒரு நாட்டின் தேர்தலோ வறட்சியோ மொத்தத்தைப் பாதிக்காது, மாதாந்திர ஏற்ற இறக்கம் நன்றாகக் குறையும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: ஏற்ற இறக்கம் குறைவாகத் தெரிவதால் கடன் மடங்கைக் கூட்டுகிறார்கள். 2008 அக்டோபரில் அந்த மூன்று நாணயங்களும் யென்னுக்கு எதிராகச் சேர்ந்தே விழுந்தன, ஏனென்றால் விற்றவர்கள் ஒரே வகை ஆட்கள், காரணமும் ஒன்றே.

என்னைக் கேட்டால் மூன்றில் காப்போடு பிடிப்பதே மேல், அதுவும் இரண்டு மடங்கைத் தாண்டாத கடனில். காப்பு வாங்க மனமில்லை என்றால் கடன் மடங்கே வேண்டாம். பிரித்துப் போடுவதை இவற்றோடு சேர்க்கலாம், இவற்றுக்குப் பதிலாக வைக்கக்கூடாது. யாராவது கேரி உத்தியின் கணக்கைக் காட்டினால் சராசரி லாபத்தைவிட மிக மோசமான மாதம் எது, அது எத்தனை மாத லாபத்தைத் தின்றது என்று முதலில் பாருங்கள். 2003-லிருந்து 2006 வரை மட்டும் காட்டினால் அதில் அந்த மாதமே இருக்காது. அப்புறம் புட் விலைக்கும், வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனின் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், சந்தை சரிவுக்கு எவ்வளவு பயப்படுகிறது என்பதை அது காட்டும். 2024-லும் சரிவு காட்டிய வேகம் அதேதான். ஜூலை 31 அன்று ஜப்பான் வட்டியை வெறும் 0.25-க்கு ஏற்றியது, இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு சோர்வாக வந்தது, ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12.4 சதவீதம் இறங்கியது. ஜூலை நடுவில் 109 யென் அருகே இருந்த ஆஸ்திரேலிய டாலர் அன்று 90-ஐ நெருங்கியது.