பிரஷர் மெஷின் படத்திலிருந்து பட்டியல்: கையால் தட்டுவதா, டெசராக்டா, எஸ்எஸ்ஓசிஆரா?

கீழக்கரையில் உம்மா தினமும் காலையில் பிரஷர் பார்த்து, திரையைப் படமெடுத்துத் துபாயில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் தொண்ணூறு படம் சேர்ந்துவிடும். டாக்டர் கேட்பது படத்தை அல்ல. நேரம், மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடி என்று வரிசையாக எழுதிய பட்டியல்தான் அவருக்கு வேண்டும்.

முப்பது படத்துக்குள் என்றால் கையாலேயே தட்டிவிடுங்கள். திரையில் இருப்பது இன்றைய அளவா, மெமரியிலிருந்து எடுத்த பழையதா, சராசரியா, கைப்பட்டையில் காற்று இறங்கும்போது ஓடும் எண்ணா என்பதெல்லாம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், மென்பொருளுக்குத் தெரியாது. அலுப்பில் 138 என்பதை 183 என்று தட்டிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து.

அதற்கு மேல் போனால், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள் வேண்டும். பலரும் முதலில் தேடுவது டெசராக்ட். அது அச்செழுத்துக்குப் பழக்கப்பட்டது. மெஷின் திரையிலோ ஒவ்வொரு எண்ணும் ஏழு தனித்தனிக் கோடுகளால் ஆனது, கோடுகளுக்கிடையே இடைவெளியும் உண்டு. அந்த இடைவெளியில் எண் உடைந்து, ஒரே எண் இரண்டு துண்டாகத் தெரிகிறது. கோடுகளைத் தடிப்பாக்கி இடைவெளியை அடைத்துக் கொடுத்தாலோ, ஏழுகோட்டு எண்களுக்கென்றே பயிற்றுவித்த `letsgodigital` கோப்பைச் சேர்த்தாலோ நிலைமை தேறும். எண்களை மட்டும் படிக்கச் சொல்லும் `tessedit_char_whitelist` என்ற அமைப்பு 4.0 பதிப்பின் புதிய எஞ்சினில் வேலை செய்யவில்லை. 4.1-இல் திரும்ப வந்தது. எல்லாம் செய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும்: தெரியாத இடத்தில் அது எதையாவது ஊகித்து எழுதிவிடும்.

ஏழுகோட்டு எண்களைப் படிப்பதற்கென்றே எழுதிய எஸ்எஸ்ஓசிஆர் வேறு வழியில் போகிறது. எந்தக் கோடு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தே எண்ணைச் சொல்கிறது. எந்த எண்ணுக்கும் பொருந்தாத வடிவம் வந்தால் `_` என்று போட்டுவிடும். இந்த நேர்மைக்காகவே எங்கள் ஓட்டு இதற்கு. ஆனால் மெஷினும் போனும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று வரிகளையும் வெட்டும் அளவை ஒருமுறை கண்டுபிடித்து எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மேல், கீழ் அழுத்தங்களுக்கு இப்படி, நாடிக்கும் இதேபோல் ஒன்று:

```
ssocr -d -1 -t 40 crop 210 90 420 180 grayscale bp.jpg
ssocr -d -1 -t 40 crop 210 290 420 180 grayscale bp.jpg
```

எண்கள் சாய்ந்த எழுத்தாக இருந்தால் `shear` சேர்த்து நிமிர்த்த வேண்டும். கறுப்பு எது, வெளுப்பு எது என்று பிரிக்கும் `-t` அளவு படத்தின் வெளிச்சத்தைப் பொறுத்தது, கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இதுவும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கடற்கரை வீட்டுத் திண்ணையில் காலை வெயில் திரையில் பளீரென்று விழுகிறது. திரையில் உண்மையில் இருப்பது 138, 86, 72. கீழ் அழுத்தத்தில் உள்ள 8-இன் வலது மேல் கோட்டை அந்தப் பளபளப்பு மறைத்துவிட்டால், மிஞ்சுவது கச்சிதமான 6. பட்டியலில் 138, 66 என்று ஏறும். `_` வராது. மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிது என்ற சோதனையும் தேறிவிடும். அதனால் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: நேற்றுவரை 50-ஐ ஒட்டி வந்தது திடீரென்று 72 ஆனால், அந்தப் படத்தைக் கண்ணால் திறந்து பார்க்க வேண்டும். இதேபோல் நடுக்கோடு போனால் 8 என்பது 0 ஆகும், மேல்கோடு போனால் 7 என்பது 1 ஆகும். மெஷினை வீட்டுக்குள் நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேரெதிரே நின்று எடுத்தால் பாதித் தொல்லை போய்விடும். சாய்ந்து எடுத்தால் திரையின் கருமையே வெளுத்துவிடும்.

நேரம் தனித் தலைவலி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் கோப்பிலிருந்து அழிந்துவிடும். `IMG-20250314-WA0003.jpg` போன்ற பெயரில் தேதி மட்டும்தான் மிஞ்சும். துபாய் போனில் செய்தி 5:10 என்று காட்டினால், கீழக்கரையில் அப்போது 6:40. உம்மாவிடம் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால், எடுத்த நேரம் `DateTimeOriginal` என்ற பெயரில் அப்படியே வரும். வரிசையில் உலகப் பொதுநேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தையும் சேர்த்தே எழுதுங்கள்:

```
2025-03-14T06:40:00+05:30,138,86,72
```

மெமரியிலிருந்து எடுத்த படம் என்றால் கோப்பின் நேரம் உதவாது, திரையில் உள்ள தேதியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பேட்டரி மாற்றியதும் பல மெஷின்களில் கடிகாரம் ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். பட்டியலில் திடீரென்று ஒரு ஜனவரி முளைத்தால், அன்று பேட்டரி மாற்றினார்களா என்று உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.