சனி ஞாயிறு விக்: ஸ்டொப்பை அகட்டுறதா, சைஸைக் குறைக்கிறதா, பேசாம வெளியில நிக்கிறதா?

ஞாயிறு விடியப்புறம் நாலரை மணி, இஞ்ச திருகோணமலையில கடலுக்குப் போனவங்களே இன்னும் கரைக்கு வரேல்ல, போனைப் பாத்தா ஸ்டொப் அடிச்ச மெசேஜ் வந்து கிடக்கு. சொலானா 150 டொலரில லோங் எடுத்து 148.50ல ஸ்டொப் போட்டிருந்தன், சைஸ் 500 டொலர். ஒரே குத்தில 147.20 மட்டும் இறங்கி, என்னை 148.10ல வித்துப்போட்டு, பத்து நிமிசத்தில திரும்ப 150க்கு மேல போய் நிக்குது, சார்ட்டில ஒரு மெல்லிய வால் மாதிரித் தெரியிற இந்தக் குத்தைத்தான் விக் எண்டுறது. என்ர முதல் 1000 டொலர், ஒரு ட்ரேடில 5 டொலருக்கு மேல விடமாட்டன் எண்டது என்ர கணக்கு, ஆனா போனது 6.30. அந்தக் கூடப்போன 1.30தான் சிலிப்பேஜ்.

வார இறுதியில ஓடர் புக் மெலிஞ்சு போயிரும். அமெரிக்காவில பிட்கொயின் ஈடிஎஃப் எல்லாம் வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டிருவாங்கள், எங்களுக்கு அது சனி விடிய ஒண்டரை, அங்க குளிர்காலம் எண்டா ரெண்டரை. பெரிய ஆக்களும் ஓடரைக் குறைச்சுக்கொள்ளுவாங்கள். வாடைக்காலத்தில மீன் சந்தைக்குப் போனா தெரியும், ரெண்டு கூடை மீன்தான் கிடக்கும், ஹோட்டல்காரன் ஒருத்தன் வந்து ஒரு கூடையை அள்ளினா மிச்சக் கூடையின்ர விலை அந்த இடத்திலயே பாயும். அதுதான் விக். ஆனா எல்லாம் விக் எண்டு நினைச்சிராதீங்க, 2024 ஏப்ரல் 13 சனிக்கிழமை, ஈரான் இஸ்ரேலுக்கு ட்ரோன் விட்ட அண்டைக்கு, பிட்கொயின் 67 ஆயிரத்தில இருந்து 62 ஆயிரத்துக்குக் கீழ போனது, மற்ற சந்தையெல்லாம் பூட்டு, விக்கிறதுக்குத் திறந்து கிடந்தது கிரிப்டோதான்.

சரி, அதே ட்ரேடை வேற மாதிரி எடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்?

கன பேர் செய்யிறது, ஸ்டொப்பை அப்பிடியே வைச்சு சைஸை மட்டும் பாதியாக்கிறது. என்ர கூட்டாளியும் இதுதான். 250 டொலர், அதே 148.50. அவனும் வெளியிலதான், மூண்டு டொலர் போனது. பில் சின்னனாகுது, அடி வாங்கிற தடவை குறையாது, சனி ஞாயிறு நாலு தரம் இப்பிடிக் குத்து வாங்கினா பன்னிரண்டு டொலர். எனக்கு இது சுத்தமாப் பிடிக்கேல்ல.

அடுத்தது சைஸை விட்டுட்டு ஸ்டொப்பை 2.5 வீதத்துக்கு அகட்டுறது, 146.25. விக் 147.20ல திரும்பினபடியா தப்பியிருப்பன். ஆனா உண்மையான இறக்கம் எண்டா 12.50, சிலிப்பேஜோட 15 டொலர், நான் விடலாம் எண்டதைவிட மூண்டு மடங்கு. இதில 10 டொலரை மட்டும் ஈடா வைச்சு 50 எக்ஸ் லெவரேஜ் வேற போட்டிருந்தா ஏறத்தாழ ஒண்டரை வீதம் இறங்கினாலே லிக்விடேஷன், எக்ஸ்சேஞ்சே பொசிஷனை மூடிரும், 146.25ல கிடக்கிற ஸ்டொப் சும்மா அலங்காரத்துக்கு.

மூண்டாவது, ஸ்டொப்பை முதல்ல முடிவு செஞ்சு, அதில இருந்து சைஸைப் பிரிச்சு எடுக்கிறது. கடைசி அஞ்சாறு சனி ஞாயிறு சார்ட்டை ஒரு மணித்தியாலக் கேண்டில்ல பாத்து, விக் வழமையா எவ்வளவு நீளம் எண்டு அளந்து, அதுக்குக் கொஞ்சம் வெளியில ஸ்டொப். என்ர அளவில 2.5 வீதம் வந்தது, சிலிப்பேஜுக்கு அரை வீதம் கூட்டினா 3.

```
5 / 0.03 = 166.67
```

அப்ப சைஸ் 166 டொலர். 147.20 மட்டும் போனாலும் மூண்டு டொலர் சிவப்பில நிண்டுட்டு திரும்பியிருக்கும், ஸ்டொப்பே அடிச்சாலும் 5 டொலர்.

இதில ஒரு கொளுக்கி இருக்கு, அதை ஒருத்தரும் பெருசாச் சொல்றதில்ல. என்ர டார்கெட் 154.50, அதாவது 3 வீதம். 500 டொலரில அது 15 டொலர் லாபம், அஞ்சைக் குடுத்துப் பதினைஞ்சு. 166ல வெறும் 5 டொலர், அஞ்சைக் குடுத்து அஞ்சு, இதுக்குள்ள ஃபீஸ் வேற. ஸ்டொப்பை அகட்டினா டார்கெட்டும் தூரப் போகவேணும், எட்டு ஒன்பது வீதம் ஓடும் எண்டு நம்பிக்கை இருக்கிற ட்ரேடுக்குத்தான் இந்தக் கணக்கு சரிவரும். சின்ன ஸ்கால்ப் எண்டா வெளியில நிக்கிறதுதான் என்ர முடிவு. கிழமையில எடுத்து லாபத்தில ஓடிற பொசிஷன் எண்டா வெள்ளி இரவே மூண்டில ஒரு பங்காக் குறைச்சிட்டுப் படுப்பன். சொலானாவும் பிட்கொயினும் ரெண்டும் லோங்கில இருந்தா அதை ரெண்டு ட்ரேட் எண்டு கணக்கெடுக்காதீங்க, விழேக்க ரெண்டும் சேந்துதான் விழும்.

கூட்டாளிக்கு இதைச் சொன்னா, "மச்சான், நான் ஸ்டொப் லிமிட் போடுறன், சிலிப்பேஜ் வராது தானே" எண்டுறான். வராதுதான், குத்து லிமிட்டைத் தாண்டிக் கீழ போனா ஓடரே நிரம்பாது, பொசிஷன் அப்பிடியே தொங்கும். அவன்ட போனை வாங்கிப் பாத்தன், ட்ரிகர் லாஸ்ட் பிரைஸில கிடக்கு. லாஸ்ட் எண்டா அந்த ஒரு எக்ஸ்சேஞ்சில நடக்கிற கடைசி வியாபாரத்தின்ர விலை, அங்க மட்டும் விழுற குத்துக்கும் அடிக்கும். மார்க் பிரைஸ் பல எக்ஸ்சேஞ்சின்ர விலையைப் பாத்து வாறபடியா தனி ஒரு குத்துக்கு அவ்வளவு அசையாது, ஆனா உண்மையான இறக்கத்தில கொஞ்சம் பிந்தி அடிக்கும், அதுக்கும் சேத்துத்தான் அந்த அரை வீதம். மாத்தி விட்டன், சைஸை மட்டும் இன்னும் 250லயே வைச்சிருக்கிறான்.