தங்க இடம் கேட்க: போனா, மெசேஜா?

சிறுசேரியில் இன்டர்வியூ. தாம்பரத்தில் காலேஜ் நண்பன். பேசி மூன்று வருடம்.

மறுக்க வசதி
போன்: "ம்ம்... வாடா" என்று சொல்லவைத்துவிடும். அந்த இழுவைதான் நிஜமான பதில்.
மெசேஜ்: வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

விவரம்
போன்: தேதி மறந்துபோகும்.
மெசேஜ்: "மச்சி, 12 காலைல பாண்டியன்ல வர்றேன், 14 ராத்திரி கிளம்பிடுவேன். ஹால்ல படுக்க இடம் போதும். தோதுப்படலைன்னா சொல்லு, லாட்ஜ் பாத்துக்கறேன்."

அவசரம்
நாளை மறுநாள் இன்டர்வியூ என்றால் போன்தான்.

ஒரு வாரம் இருந்தால் மெசேஜ். வெறும் "ஹாய், எப்படி இருக்க?" வேண்டாம், கடன் கேட்கப்போகிறான் என்று நினைப்பான். "வா" என்று வந்தபின் போன் போடுங்கள். இரண்டு நாளாக நீல டிக் மட்டும்தான் என்றால் லாட்ஜ் பார்த்துவிடுங்கள்.