வழிகாட்டிக்குப் பிள்ளைகள் போடும் புள்ளி: நாலு கேள்விப் படிவத்தோடு சில வருட அனுபவம்

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளையும், தொழிற்பயிற்சி படிக்கிற பிள்ளைகளையும், வேலையில் இருக்கிற பெரியவர்களோடு இணைத்துவிடும் ஒரு சிறிய திட்டத்துக்கு மட்டக்களப்பில் நான் இணைப்பாளர். ஒரு வழிகாட்டிக்கு நாலைந்து பிள்ளைகள். மாதம் ஒரு முறை நேரில் சந்திப்பார்கள், இடையில் வட்ஸ்அப்பில் கதைப்பார்கள். வழிகாட்டி எப்படி என்று பிள்ளைகளிடம் கேட்க ஒரு படிவம் வைத்திருக்கிறோம். செவிமடுத்தல், வழிகாட்டல், தேவைப்படும்போது கிடைத்தல், சொன்னதைச் செய்தல் என்று நாலு விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. இதைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இப்படி ஒன்றைத் தொடங்க யோசிப்பவர்களுக்காக, இதில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் பாவித்தது நிதி தந்த அமைப்பு அனுப்பிய படிவம். “உங்கள் வழிகாட்டி நன்றாகச் செவிமடுப்பவரா?” என்ற மாதிரி நாலு கேள்விகள். வந்த புள்ளிகள் எல்லாம் 4, 5. ஒருவருக்கு 4.6, இன்னொருவருக்கு 4.8 என்று அட்டவணை போட்டு அறிக்கையும் அனுப்புவார்கள். ஐந்து பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை ஐந்துக்குப் பதிலாக நாலு போட்டாலே சராசரி 0.2 இறங்கிவிடும். அந்த 4.6க்கும் 4.8க்கும் நடுவில் இருந்தது ஒரு பிள்ளையின் அன்றைய மனநிலைதான்.

பிள்ளைகள் ஏன் இப்படிப் போடுகிறார்கள் என்பதற்கு மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி சொன்ன காரணம் எனக்குப் போதும்: “அக்கா, சேருக்கு எப்பிடி மூண்டு போடுறது? அவர் சம்பளமும் இல்லாம வந்து கதைக்கிறார்.” நம் ஊரில் சேருக்குப் புள்ளி போடுவதே மரியாதைக் குறைவு. அதற்கு மேல், பிறகு நற்சான்றுக் கடிதமும் அவரிடம்தான் வாங்க வேண்டும். திட்டம் முடிகிற நாளில், சான்றிதழ் கொடுக்கிற மேசையிலேயே படிவத்தை நீட்டினால் வேறென்ன வரும்?

இன்னொரு சிக்கல், நாலு விடயங்களையும் பிள்ளைகள் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. சேர் நல்லவர் என்று மனதில் விழுந்துவிட்டால் நாலுக்கும் ஒரே புள்ளிதான். இதை எட்வர்ட் தோர்ண்டைக் என்ற உளவியலாளர் 1920லேயே எழுதிவிட்டார். இராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட புள்ளிகளைப் பார்த்தபோது, உடற்கட்டுக்கும் புத்திக்கும் தலைமைக்கும் குணத்துக்கும் போட்ட புள்ளிகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயிருந்தன. உங்கள் படிவத்தில் இது இருக்கிறதா என்று பார்க்கக் கணக்கு ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் வரியையும் குறுக்காக வாசியுங்கள். 5-5-5-5, 4-4-4-4 என்று வரிகள் நிறைய வந்தால், நாலு கேள்வி கேட்டதாக நினைத்து ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றியது கேள்விகளைத்தான். “எப்படிப்பட்டவர்” என்று கேட்பதை விட்டு “கடைசித் தடவை என்ன நடந்தது” என்று கேட்டோம். ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்த ஒரு காரியத்தை எழுதி வைத்தோம். ஸ்மித், கெண்டல் என்ற இருவர் 1963இல் தாதியரை மதிப்பிடுவதற்காக முன்வைத்த முறை இது. சொன்னதைச் செய்தலுக்கு எங்கள் படிவத்தில் இப்போது இருப்பது இதுதான்:

“போன சந்திப்பில் தான் செய்வதாகச் சேர் அல்லது மிஸ் சொன்ன ஒரு காரியத்தை எழுதுங்கள். 5 – சொன்ன நாளுக்குள் செய்தார். 4 – நாள் தப்பினாலும் தானாகவே செய்தார். 3 – ஒரு தரம் ஞாபகப்படுத்திய பின் செய்தார். 2 – பல தரம் கேட்டும் பாதிதான் நடந்தது. 1 – நடக்கவில்லை. அல்லது: எதுவும் செய்வதாகச் சொல்லவில்லை.”

சேருக்கு மூன்று போட மனம் வராத பிள்ளைக்கு, “ஞாபகப்படுத்திய பின் செய்தார்” என்று அடையாளம் போட மனம் வருகிறது. அது குற்றச்சாட்டாகத் தெரிவதில்லை, நடந்ததைச் சொல்வதாகத்தான் தெரிகிறது. முழுப் படிவத்திலும் எனக்கு மிகப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது இந்தக் கேள்விதான்.

கிடைத்தலுக்கான கேள்வியில் பயன் தந்தது ஒரு சின்ன மாற்றம். “கடைசியாக அனுப்பிய கேள்விக்கு எப்போது பதில் வந்தது” என்று கேட்டு, தெரிவுகளில் “நான் ஒன்றும் கேட்கவில்லை” என்பதையும் சேர்த்தோம். பழைய படிவத்தில் ஒரு நாளும் ஒன்றும் கேட்காத பிள்ளையும் 5 போட்டிருக்கும். இப்போது அந்தப் பிள்ளைகள் தனியாகத் தெரிகிறார்கள். அவர்களில் பலர் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளைகள். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பட்டினத்துக்கு வந்து போவது இலகு. மண்டூர்ப் பக்கத்திலிருந்து குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்குப் பின்னேரம் ஐந்து மணிச் சந்திப்பு என்பது இல்லாத சந்திப்பு. அந்தப் பிள்ளை கேட்காமல் இருப்பதற்கு வழிகாட்டியின் குணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை, நாம் வைத்த நேரமே காரணமாக இருக்கலாம். புள்ளியைப் பார்த்து வழிகாட்டியிடம் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு வழிகாட்டியின் கணக்கை முழுதாகச் சொல்கிறேன். அலுவலகத்தில் நீண்ட காலம் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஐந்து பிள்ளைகளும் படிவம் தந்தார்கள். செவிமடுத்தல் சராசரி 4.8, கிடைத்தல் 4.4, வழிகாட்டல் 4.2. சொன்னதைச் செய்தலுக்கு வந்தவை 5, 4, 2, 1, 2. சராசரி 2.8. நாலையும் கூட்டிப் பிரித்தால் 4.05 வரும். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்திருந்தால் “நாலுக்கு மேலே, நல்லவர்” என்று அடுத்தவரின் தாளுக்குப் போயிருப்போம். ஆகவே நாலையும் சேர்த்து ஒரு மொத்தப் புள்ளி போடுவதை இப்போது முற்றாக விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

2.8 என்பதும் முழுக் கதையைச் சொல்லாது. இரண்டு பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார், மூன்று பிள்ளைகளுக்குச் செய்து முடிக்கவில்லை. பிள்ளைகள் எழுதிய காரியங்களை வாசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. செய்து கொடுத்தவை எல்லாம் அவர் கையில் இருந்தவை: சுயவிபரக்கோவையைத் திருத்துவது, நேர்முகத் தேர்வுக்குப் பழக்கி விடுவது. நடக்காதவை எல்லாம் “தெரிஞ்ச ஒராளிட்டக் கதைச்சுச் சொல்றன்” வகை. இன்னொருவரின் பதிலில் தொங்குகிற வாக்குகள். அவர் கதைத்தும் இருப்பார். அங்கிருந்து பதில் வராததால் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார். பிள்ளையோ சேர் சொல்வார் என்று வேறு இடத்துக்கு விண்ணப்பம் போடாமல் இருந்திருக்கிறது. அந்தக் காத்திருப்புத்தான் உண்மையான சேதம்.

அவரிடம் நான் எண்களைக் காட்டவில்லை. எல்லா வழிகாட்டிகளுக்கும் பொதுவாக ஒரு நடைமுறை கொண்டு வந்தோம். சந்திப்பு முடிகையில் பிள்ளை தன் கொப்பியில் இரண்டு வரி எழுத வேண்டும்: சேர் என்ன செய்வார், நான் என்ன செய்வேன், எந்தத் திகதிக்குள். எழுதியதை எழும்புவதற்கு முன் சத்தமாக வாசிக்க வேண்டும். வேறொருவரைக் கேட்டுச் சொல்ல வேண்டிய காரியமானால், “பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் திகதியில் சொல்வேன்” என்றுதான் வாக்கு. அடுத்த சுற்றில் அதே ஐவரில் மூவர் 4, 4, 5 என்று போட்டார்கள். மற்ற இருவர் “எதுவும் செய்வதாகச் சொல்லவில்லை” என்பதில் அடையாளம் போட்டார்கள். அந்த இரண்டை நான் குறையாக எடுக்கவில்லை. வாசிக்கக் கேட்ட பிறகு அவர் வாக்கைக் குறைத்துக்கொண்டார், பிள்ளைகள் தாங்களே விண்ணப்பம் போடத் தொடங்கினார்கள். ஆனாலும் ஐந்து பேரின் இரண்டு சுற்றை வைத்து இந்த நடைமுறை எங்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன்.

படிவம் சொல்லாத இடங்களும் உண்டு. பெரிய ஓட்டை, படிவம் தராதவர்கள். ஆறு பிள்ளைகளில் மூவர் மட்டும் தந்து மூவரும் 5 போட்டால் சராசரி 5 என்றுதான் வரும். வராமல் விட்ட மூவரும் நடுவில் நின்றுபோன பிள்ளைகளாக இருக்கலாம். இதனால் சராசரிக்குப் பக்கத்தில் “6இல் 3” என்று எழுதாமல் நான் எந்தத் தாளையும் வெளியே விடுவதில்லை. நின்றவர்களுக்குப் போன் எடுத்துக் கதைக்கிறேன். அந்தப் பத்து நிமிடக் கதையில் வருவது படிவத்தில் ஒரு நாளும் வராது.

அடுத்தது இரகசியம். எங்கள் ஊர்களில் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கூகுள் படிவமாகப் போனில் வாங்கினாலும், “என்ட நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் சேர் வரயில்ல” என்று எழுதினால் அது யார் என்று சேருக்குத் தெரியும். ஐந்துக்குக் குறைவான பதில்கள் வந்தால் எண்ணையோ எழுத்தையோ வழிகாட்டிக்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் விதி. அடுத்த தொகுதிப் பிள்ளைகளின் பதிலோடு சேர்த்துத்தான் கொடுப்போம். இதனால் சில வழிகாட்டிகளுக்கு ஒரு வருடம் பிந்தித்தான் செய்தி போகிறது. அந்தப் பிந்தலை ஏற்றுக்கொண்டுதான் செய்கிறோம். பிள்ளை மாட்டிக்கொண்டால் அடுத்த முறை எல்லோரும் 5 போடுவார்கள்.

செவிமடுத்தலுக்கு “போன முறை நீங்கள் சொன்ன ஒன்றை இந்த முறை அவராகவே நினைவு வைத்துக் கேட்டாரா” என்ற கேள்வி ஓரளவு பலன் தருகிறது. அதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

வழிகாட்டல்தான் எனக்கு இன்னும் திருப்தி தராத பகுதி. ஆலோசனை கேட்ட கிழமையில் அது சரியா பிழையா என்று பிள்ளைக்குத் தெரியாது. என்.வி.கியூ நாலாம் மட்டம் முடித்த பிள்ளைக்கு “இனி வேலைக்குப் போ” என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் பிள்ளை 5 போடும். ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா என்றும், ஏழாம் மட்டம் பட்டம் வரை அந்த ஏணி போகிறது என்றும் யாராவது சொல்லியிருந்தால்தானே அந்த ஆலோசனையில் எது விடுபட்டது என்று அதற்குத் தெரியும். தெளிவாகவும் அன்பாகவும் சொல்லப்பட்ட அரைகுறை ஆலோசனைக்கு இந்தக் கேள்வி முழுப் புள்ளி வாங்கிக் கொடுத்துவிடும். இதற்காக ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்கிறோம்: “அன்று சேர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், அதனால் என்ன நடந்தது?” பதில் தருபவர்கள் குறைவு. பிள்ளைகளின் போன் இலக்கம் மாறிவிடுகிறது, சிலர் வெளிநாடு போய்விடுகிறார்கள். இப்போது தொடக்கத்திலேயே வீட்டாரின் இலக்கம் ஒன்றையும் வாங்கி வைக்கிறோம்.

உங்களிடம் ஒரு வழிகாட்டிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள்தான் என்றால் புள்ளியே வேண்டாம். கொப்பியில் எழுதிய அந்த இரண்டு வரியை அடுத்த சந்திப்பின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். நடந்ததா இல்லையா என்று அங்கேயே அடையாளம் போடட்டும். இணைப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் போதும்.