நட்சத்திரக் குறியா, இடைவெளியா, சொல்லா: தடித்த எழுத்து வராத இடத்தில் அழுத்தம் காட்டும் வழிகள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு போடுகிறார். அதே வாசகத்தை வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களுக்கு எஸ்.எம்.எஸ். ஆகவும், வெளியூரில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு மின்னஞ்சலாகவும் அனுப்புகிறார். வாசகம் இதுதான்:

```
நாளை காலை 6 முதல் 10 வரை தண்ணீர் வராது. மோட்டார் போட வேண்டாம்.
```

இதில் கடைசி மூன்று சொற்கள் கண்ணில் பட வேண்டும். சம்பில் தண்ணீர் இல்லாத நேரத்தில் மோட்டார் வெறுமனே ஓடினால் அதன் சீல் கெட்டுப்போகும், செலவு எல்லார் தலையிலும் விழும். மூன்று இடங்களிலும் சிதையாமல் போய்ச் சேரும் அழுத்தம் எது என்று இந்த ஒரு வாசகத்தை வைத்தே பார்ப்போம்.

முதலில் நட்சத்திரக் குறி. சொல்லின் இருபக்கமும் நட்சத்திரம் வைக்கும் வழக்கம் வாட்ஸ்அப்புக்கு வெகுகாலம் முந்தையது. இணைய நாகரிகம் பற்றி 1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணமே, அழுத்தத்துக்கு நட்சத்திரமும் அடிக்கோட்டுக்கு அடிக்கோட்டுக் குறியும் போடச் சொல்கிறது. அப்போது அது குறியாகவே கண்ணில் படுவதுதான் நோக்கம், அதனால் சிக்கல் இல்லை. பின்னால் வந்த செயலிகள் அந்தக் குறிகளை விழுங்கிவிட்டு எழுத்தைத் தடிமனாக்கத் தொடங்கின, அதுவும் ஆளுக்கொரு விதமாக. வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரம் என்றால் தடித்த எழுத்து. குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் என்ற முறையில் ஒற்றை நட்சத்திரமோ ஒற்றை அடிக்கோட்டுக் குறியோ போட்டால் சாய்வெழுத்து, இரட்டை போட்டால்தான் தடிமன். எஸ்.எம்.எஸ்.ஸில் இரண்டும் கிடையாது, நட்சத்திரம் நட்சத்திரமாகவே நிற்கும்.

தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. நாம் சொல்லோடு விகுதியை ஒட்டி எழுதுகிறோம். "நாளை" மட்டும் சாய வேண்டும், "தான்" சாதாரணமாக இருக்கட்டும் என்று மார்க்டவுனில் இப்படி எழுதினால், அடிக்கோடுகள் அப்படியே திரையில் தெரியும். எழுத்துக்கு நடுவில் வரும் அடிக்கோட்டை அது குறியாக எடுத்துக்கொள்வதில்லை:

```
_நாளை_தான்
```

இதற்கு நேரெதிரான விபத்தும் நடக்கும். ஓர் அளவை 6*4*2 என்று எழுதினால், மார்க்டவுன் நடுவிலுள்ள 4-ஐச் சாய்த்துவிட்டு நட்சத்திரங்களை எடுத்துவிடும். படிப்பவருக்கு 642 என்று தெரியும். குறி மிச்சமாகத் தெரிவதை விட இது மோசம், ஏனென்றால் தவறு நடந்ததே தெரியாது.

அடுத்தது பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது நல்ல வழி:

```
DO NOT switch on the motor.
```

எங்கே ஒட்டினாலும் இது மாறாது, கூடுதல் இடமும் பிடிக்காது. வாக்கியம் முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டால்தான் கெடுகிறது. அதே ஆர்.எஃப்.சி. 1855 அதைக் கத்துவதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது இல்லை என்பதால் நமக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கும் முழுதாகப் பயன்படாது. ண, ள, ற வேறுபாட்டைக் காட்டப் பலர் பெரிய எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் paLLi என்பதை PALLI ஆக்கினால், பள்ளியா பல்லியா என்று படிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும். சமூக ஊடகங்களில் காணும் தடித்த "அலங்கார" ஆங்கில எழுத்துகளும் உதவாது. அவை யூனிகோடில் கணிதத்துக்காக வைத்த தனிக் குறியீடுகள், தமிழுக்கு அப்படி ஒரு வரிசையே இல்லை.

இடைவெளிக்கு வருவோம். சாய்வெழுத்து இல்லாத பழைய ஜெர்மன் அச்செழுத்தில், எழுத்துகளைத் தள்ளித் தள்ளி அடுக்கித்தான் அழுத்தம் காட்டினார்கள். அச்சுக் கோப்பவர் கையால் செய்யும்போது அது சரி. கணினியில் "வ ரா து" என்று தட்டினால் அது ஒரு சொல்லாகவே இருக்காது. தேடினால் கிடைக்காது, வரி முடிவில் பாதியில் உடையும், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் எழுத்தெழுத்தாகச் சொல்லும். இந்த வேலையை நிரலிடம் விட்டால் இன்னும் மோசம்:

```
print(" ".join("வராது"))
```

இது "ரா" என்பதை ர தனி, கால் தனி என்று பிரித்துவிடும். "து"வுக்கும் அதே கதி. பிரிந்து நிற்கும் காலுக்கும் உகரக் குறிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். திரையில் அந்தப் புள்ளிவட்டத்தைக் கண்டால், எங்கோ ஓர் உயிர்மெய் உடைந்திருக்கிறது என்று பொருள்.

எழுத்துக்கு நடுவே விடும் இடைவெளியைக் கைவிட்டாலும், வரிக்கு நடுவே விடும் இடைவெளியை நான் கைவிட மாட்டேன். "மோட்டார் போட வேண்டாம்." என்பதைத் தனி வரியில் வைத்தாலே கண் அங்கே போகும். ஆனால் வலைப்பக்கத்தில் ஒட்டினால் வரிப்பிரிவு வெறும் ஓர் இடைவெளியாகச் சுருங்கிவிடலாம். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் வரிப்பிரிவுக்கு இடமே இல்லை. ஆகவே அது துணைக்கு மட்டுமே.

கடைசி வழி, சொல். எஸ்.எம்.எஸ். கணக்கைப் பார்த்தால் இதன் வலிமை தெரியும். தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றில் 70 குறியீடுகள் அடங்கும். தாண்டினால் 67, 67 ஆக உடைத்து அனுப்பப்படும், காசும் இரண்டு செய்திக்கு. புள்ளி, கால், கொம்பு எல்லாமே எழுத்தோடு சேராமல் தனியாக எண்ணப்படும். "மோ"வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு, ஆக "மோ" என்றால் இரண்டு. மேலே உள்ள அறிவிப்பு மொத்தம் 62. இரு நட்சத்திரம் சேர்த்தால் 64. நட்சத்திரத்துக்குப் பதிலாக "போடவே வேண்டாம்" என்று எழுதினாலும் அதே 64. ஆனால் "வேண்டாம்" என்பதைத் தேவையில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அதோடு ஏகாரம் சேர்ந்தால் அந்தப் பொருள் இன்னும் பலப்படும். "போட வேண்டாம்" 12 குறியீடு, "போடக் கூடாது" என்பதும் 12தான். ஒரு குறியீடுகூடக் கூடாமல் கண்டிப்பு வந்துவிடுகிறது.

சொல் வரிசைக்கும் செலவு கிடையாது. "நாளை காலை தண்ணீர் வராது" என்றால் என்ன வராது என்பது முன்னுக்கு வருகிறது. "தண்ணீர் நாளை காலை வராது" என்றால் எப்போது என்பது முன்னுக்கு வருகிறது, ஏனென்றால் தமிழில் வினைக்கு ஒட்டி முன்னால் நிற்பதுதான் அழுத்தம் பெறும். நட்சத்திரத்துக்கு இந்த நுணுக்கம் வராது. "நாளை"யைச் சுற்றி நட்சத்திரம் போட்டால் அது முக்கியம் என்று மட்டும் தெரியும். "இன்று வரும், நாளை வராது" என்று எழுதினால் எதற்கு எதிராக முக்கியம் என்பதும் தெரிந்துவிடும்.

காரணத்தைச் சொல்வது அதை விடவும் பலமான அழுத்தம். அதற்கு இடம் வேண்டும் என்பதால் நேரத்தைச் சுருக்கினேன்:

```
நாளை காலை 6-10 தண்ணீர் வராது. சம்ப் காலி, மோட்டார் போடக் கூடாது.
```

எண்ணினால் 64, நட்சத்திரம் போட்ட பழைய வாசகத்தின் அதே நீளம். வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், தரைத்தளப் பலகை எங்கே போனாலும் இது இப்படியே இருக்கும். அறிவிப்பு அந்தக் குழுவை விட்டு வெளியே போகாது என்பது உறுதியானால், கடைசி இரண்டு சொல்லுக்கு நட்சத்திரமும் போடலாம். அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் அதே கண்டிப்போடு நிற்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.