ஸ்மால் கேப்ஸ்: அசல், போலி, நடுவில் ஒரு சமாளிப்பு

பனிப்போர் பற்றிய ஆங்கில வரலாற்றுப் புத்தகம் ஒன்று லேஅவுட்டுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 11 பாயின்ட் எழுத்து, பழைய பாணி ஃபான்ட். பத்திக்கு நாலைந்து இடத்தில் `NATO`, `USSR`, `UNESCO` என்று வரும். அப்படியே முழு கேபிடலில் விட்டால் பக்கத்தைத் திறந்ததுமே கண் இந்தச் சொற்களில்தான் போய் விழும். வாக்கியத்தின் அழுத்தம் வேறு எங்கேயோ இருக்கும். இதைத் தணிக்கத்தான் ஸ்மால் கேப்ஸ்: வடிவத்தில் கேபிடல், உயரத்தில் ஏறக்குறைய சின்ன எழுத்து.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. கேபிடலையே லேசாகக் குறைத்து வைக்கலாம். மென்பொருள் சுருக்கித் தரும் போலி ஸ்மால் கேப்ஸைப் போடலாம். ஃபான்ட்டை வடிவமைத்தவரே தனியாக வரைந்து வைத்த அசல் ஸ்மால் கேப்ஸைப் போடலாம். அசல் இல்லாதபோது கொஞ்சம் தடித்த வெயிட்டிலிருந்து சுருக்கிச் சமாளிக்கலாம். இவற்றில் போலி ஒன்றுதான் எனக்கு எந்த நிலையிலும் ஏற்புடையதாகப் படவில்லை. ஆனால் அச்சில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். காரணம், அது கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்வது.

முதலில், போலியில் என்ன கெடுகிறது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு ஃபான்ட்டில் எழுத்தளவை ஆயிரம் பங்காகப் பிரித்தால் கேபிடலின் உயரம் 650, சின்ன `x`-இன் உயரம் 420. கேபிடலின் நேர்கோட்டுத் தடிமன் 90, சின்ன எழுத்துகளின் தடிமன் 80. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் வழக்கமாகக் கேபிடலை 70 சதவீதமாகச் சுருக்கும். உயரம் 455 ஆகிறது, அது பரவாயில்லை. கூடவே தடிமனும் 63 ஆகிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் சின்ன எழுத்துகள் 80-இல் இருக்க, இந்தச் சொல் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்து நிற்கிறது. 11 பாயின்ட்டில் கணக்குப் போட்டால் 0.88 பாயின்ட்டுக்குப் பக்கத்தில் 0.69. தனியாகப் பார்த்தால் அற்ப வித்தியாசம். வரிக்குள் வைத்துப் பார்த்தால் பல்வரிசையில் ஒன்று விழுந்த மாதிரி அந்த இடம் வெளுத்துத் தெரியும். உயரத்தைச் சரியாக 420-க்குக் கொண்டுவரலாம் என்று சதவீதத்தை 65 ஆக்கினால் தடிமன் 58-க்கு இறங்கி இன்னும் மோசமாகும். எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெளியும் அதே அளவில் சுருங்குவதால் சொல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அசலில் அப்படி இல்லை. வடிவமைப்பாளர் உயரத்தை `x`-ஐ விட ஒரு இழை கூடுதலாக வைத்து, கோட்டைச் சின்ன எழுத்தின் தடிமனுக்கே வரைந்து, எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, பக்கவெளியையும் தாராளமாக விட்டிருப்பார். வரியின் சாம்பல் நிறம் உடையாது. எழுத்துகளுக்கு நடுவே வெளியைக் கூட்டும் டிராக்கிங்கை 10 முதல் 30 வரை கொடுத்தால் போதும்.

இந்த வித்தியாசத்தை ஆபீஸ் லேசர் பிரிண்டரில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டோனர் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிக்க வைத்துப் போலியை மறைத்துவிடும். ஆஃப்செட்டில் அச்சாகி வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

போலி எப்படி நுழைகிறது? இன்டிசைனில் `Small Caps` என்ற பொத்தான், `Ctrl+Shift+H`. ஃபான்ட்டில் அசல் இருந்தால் அதை எடுக்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் சுருக்கித் தரும். எச்சரிக்கை எதுவும் வராது. உடல் எழுத்துக்கு அசல் உள்ள ஃபான்ட்டை வைத்திருப்போம். துணைத்தலைப்பை வேறு ஃபான்ட்டுக்கு மாற்றிய அன்றே போலி உள்ளே வந்திருக்கும். ஒரே குடும்பத்தில்கூட ரோமனில் அசல் இருக்கும், இட்டாலிக்கில் இருக்காது. இது ரொம்பச் சகஜம். வேர்டில் இன்னும் சுலபம்: அங்கே ஃபான்ட்டில் அசலே இருந்தாலும் `Small caps` டிக் போட்டால் கிடைப்பது போலிதான்.

பிடிப்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இன்டிசைனில் `Preferences > Advanced Type` போய் `Small Cap` அளவை 70-லிருந்து 30 ஆக்குங்கள். போலி எல்லாம் அந்த நொடியே எறும்பளவுக்குச் சுருங்கிவிடும், அசல் அசையாது. புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு மறக்காமல் 70-க்குத் திருப்புங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் நன்றாகப் பெரிதாக்கி, ஸ்மால் கேப்ஸ் `I`-யின் கோட்டையும் பக்கத்தில் இருக்கும் சின்ன `l`-இன் கோட்டையும் ஒப்பிடுங்கள். போலி என்றால் `I` இளைத்திருக்கும்.

சரி, அசல் உள்ள ஃபான்ட் கிடைத்துவிட்டது. இபி காரமண்ட், லிபர்டினஸ் செரிஃப் இரண்டும் இலவசம், இரண்டின் ரோமனிலும் அசல் உண்டு. இங்கேயும் இரண்டு பாதை பிரிகிறது, பலர் தவறான பக்கம் திரும்புவது இங்கேதான். ஓப்பன்டைப் ஃபான்ட்டில் `smcp` என்ற வசதி சின்ன எழுத்தை ஸ்மால் கேப்ஸாக மாற்றும். `c2sc` என்பது கேபிடலை மாற்றும். சாதாரண `Small Caps` பொத்தான் சின்ன எழுத்தை மட்டுமே தொடும். எனவே `NATO`-வைத் தேர்ந்தெடுத்து அதை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. உடனே ஆபரேட்டர் `nato` என்று மறுபடி டைப் செய்வார். பக்கத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து இப்போது `nato`. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் `nato`, மின்னூல் வடிவமான இபப்பில் ஸ்டைல் விடுபட்டால் `nato`, சொல்லடைவு தயாரிப்பவருக்கும் `nato`. அடுத்த பதிப்பை வேறு ஃபான்ட்டில் போடுகிறவர் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

அதனால் சுருக்கப்பெயர்களுக்கு `OpenType All Small Caps`-தான் சரி. டைப் செய்தது `NATO`-வாகவே இருக்கும், தோற்றம் மட்டும் மாறும். ஓப்பன்டைப் மெனுவில் இந்தப் பெயர் சதுர அடைப்புக்குள் `[All Small Caps]` என்று தெரிந்தால் அந்த ஃபான்ட்டில் வசதி இல்லை என்று பொருள். கையால் ஒவ்வொன்றாகப் போடவும் தேவையில்லை. ஒரு கேரக்டர் ஸ்டைல் உருவாக்கி, பத்தி ஸ்டைலில், எழுத்து அமைப்பைப் பார்த்துத் தேடிப் பிடிக்கும் இந்த கிரெப் வரியைக் கொடுத்தால் போதும்:

```
\b\u\u+(?=s?\b)
```

இரண்டோ அதற்கு மேலோ கேபிடல்கள் சேர்ந்து வந்தால் பிடிக்கும். `NGOs` என்பதில் கடைசி `s`-ஐ விட்டுவிடும். ஒற்றை எழுத்து இனிஷியல்களைத் தொடாது, அது நல்லதுதான். ஆனால் `George VI`-இன் எண்ணையும் `JFK`-வையும் பிடித்துவிடும். அரசர்களின் எண் ஸ்மால் கேப்ஸில் போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆள் பெயரைச் சின்னதாக்குவது பிடிக்காது, அவற்றுக்கு மட்டும் விலக்கு ஸ்டைல் வைப்பேன். இன்னொன்று, ஆண்டு எண்கள். `1949` முழு உயர எண்ணாக நின்றால் பக்கத்தில் ஸ்மால் கேப்ஸ் `NATO` குட்டையாகத் தெரியும். ஏறி இறங்கும் பழைய பாணி எண்களுக்கு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.

துணைத்தலைப்புக்கு வந்தால் போலியின் குறை இன்னும் அப்பட்டம். சுருக்கப்பெயரில் எல்லா எழுத்தும் ஒரே அளவு மெலிந்திருக்கும். `The Marshall Plan` என்ற தலைப்பிலோ `T`, `M`, `P` மூன்றும் 90 தடிமனில் நிற்க, மற்றவை 63-இல் நிற்கும். ஒரே சொல்லுக்குள் இரண்டு பேனா. போல்ட் ஆக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் போல்ட் போடுவார்கள். முதலெழுத்தும் சேர்ந்து தடிக்கும், விகிதம் அப்படியே இருக்கும்.

அசல் இருந்தாலும் தலைப்பில் ஒரு தேர்வு பாக்கி: முதலெழுத்து மட்டும் பெரிதாக வைப்பதா, எல்லாமே ஸ்மால் கேப்ஸா? நான் இரண்டாவது கட்சி. `NATO and Its Critics` என்ற தலைப்பை முதல் வகையில் போட்டுப் பாருங்கள். `NATO` முழுக் கேபிடலாகத் துருத்திக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் `N` மட்டும் பெரிதாகிச் சாதாரணச் சொல் மாதிரி ஆகிவிடும். எல்லாம் ஒரே உயரமானால் அந்தச் சிக்கலே இல்லை. 11 பாயின்ட்டிலேயே வைத்து 50 டிராக்கிங் கொடுத்து, மேலே ஒரு வரி இடம் விட்டால் தலைப்பு தானாக எடுப்பாகத் தெரியும். இங்கேயும் வழக்கம்போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்தே டைப் செய்து ஸ்டைலை மட்டும் போடுங்கள். பொருளடக்கமும் பிடிஎஃப் புக்மார்க்கும் ஒழுங்காக வரும்.

பதிப்பாளர் கொடுத்த ஃபான்ட்டில் அசலே இல்லை, மாற்றவும் விடமாட்டேன் என்கிறார். அப்போது? குடும்பத்தில் பல வெயிட் இருந்தால் அந்தச் சமாளிப்பு உதவும். செமிபோல்டில் கேபிடலின் தடிமன் 115 என்றால் 70 சதவீதத்தில் 80 வரும், சின்ன எழுத்துக்குச் சமம். தனி கேரக்டர் ஸ்டைலில் செமிபோல்ட், 7.7 பாயின்ட், டிராக்கிங் 30. முழுக்க ஸ்மால் கேப்ஸ் ஆன தலைப்புகளுக்கு இது கண்ணை ஏமாற்றிவிடும். ஆனால் உடல் எழுத்தின் அளவை மாற்றினால் இதையும் கையால் மாற்ற வேண்டும். ஆகவே நூற்றுக்கணக்கான சுருக்கப்பெயர்களுக்கு நான் இதைச் செய்ய மாட்டேன். அவற்றை முழுக் கேபிடலிலேயே விட்டு, 11-ஐ 10.3 பாயின்ட் ஆக்கி, 15 டிராக்கிங் கொடுத்துவிடுவேன். தடிமன் 90-லிருந்து சுமார் 84 ஆகும், சத்தம் குறையும், உருவம் கெடாது. துணைத்தலைப்பை இட்டாலிக்கில் போட்டுவிடலாம். வெயிட் இரண்டே இரண்டு உள்ள ஃபான்ட்டில் வேறு வழியும் இல்லை.

தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கிலச் சுருக்கப்பெயர் வரும் இடத்திலும் இதே பிரச்சினைதான். தமிழ் ஃபான்ட்டில் சேர்த்துத் தரும் லத்தீன் எழுத்துகளில் பெரும்பாலும் ஸ்மால் கேப்ஸ் இருக்காது, பொத்தானை அமுக்கினால் போலிதான் வரும். லத்தீனுக்கு வேறு ஃபான்ட் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இபப்பில் படிக்கும் கருவியே தன் பங்குக்குப் போலியை உண்டாக்கும். ஃபான்ட்டை உள்ளே வைக்கும்போது அளவைக் குறைக்கிறேன் என்று வெட்டியதில் `c2sc` போயிருந்தால், அச்சில் அசலாக இருந்த சொல் திரையில் மெலிந்துவிடும். அதைத் தடுக்க:

```
.abbr {
  font-variant-caps: all-small-caps;
  font-synthesis: none;
}
```

`font-synthesis` வரியை மதிக்கும் கருவியில், அசல் இருந்தால் அசல் வரும், இல்லாவிட்டால் டைப் செய்த `NATO` முழுக் கேபிடலாகவே நிற்கும். `nato` என்று டைப் செய்திருந்தால் வாசகருக்குக் கிடைப்பது `nato`-தான்.